3டி படத்தில் பார்க்கும் கிச்சன் நேரில் அப்படியே வருமா?

பீளமேட்டுக்காரி · 7 ஜூன் 2025, இரவு 9:40

கோவையில் பழைய ஃபிளாட். கிச்சனை முழுதாக மாற்றப் போகிறோம். எல் வடிவம், ஒரு பக்கம் 10 அடி, இன்னொரு பக்கம் 7 அடி. டிசைனர் மூன்று 3டி படம் அனுப்பியிருக்கிறார். கீழ் ஷட்டர் எல்லாம் சாம்பல் கலந்த பச்சையில் மேட் லேமினேட். மேல் ஷட்டர் ஆஃப் ஒயிட் அக்ரிலிக், கண்ணாடி மாதிரி பளபளப்பு. மேடைக்குப் பாலிஷ் போட்ட பிளாக் கேலக்ஸி கிரானைட். மேல் கேபினட்டுக்கு அடியில் முழு நீளத்துக்கும் எல்இடி ஸ்டிரிப். வீட்டுக்காரருக்குப் படத்தைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் பாதிப் பணம் கொடுத்து ஓகே சொல்ல வேண்டும்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. படம் ஏதோ ஹோட்டல் விளம்பரம் மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் பெரும்பாலும் சமைப்பது மாமியார். 5 அடிக்கு ஒரு அங்குலம் கூட. அவருக்குக் கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வெளிச்சம் கூசும். இந்தப் படத்தை நம்பிக் கையெழுத்துப் போடலாமா? போடும் முன் டிசைனரிடம் என்ன கேட்க வேண்டும்?

திருநகர் வீடு · 7 ஜூன் 2025, இரவு 10:15

கறுப்பு கிரானைட் தைரியமாகப் போடுங்கள். எங்கள் வீட்டில் 20 வருடமாக அதே கல்தான், ஒரு கீறல் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே போடும் பலகையை. எங்களுக்கு சிங்க் அடியில் தண்ணீர் கசிந்து பலகை ஊதி, கீல் பிடுங்கிக்கொண்டு வந்தது. ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற மெரைன் பிளை கேளுங்கள்.

பீளமேட்டுக்காரி · 7 ஜூன் 2025, இரவு 10:22

நன்றிங்க. பலகை பற்றிப் பேசியாயிற்று, 710தான். என் கேள்வி படத்தைப் பற்றி.

ரெண்டர்காரன் · 8 ஜூன் 2025, காலை 7:05

நான் இந்த வேலையைத்தான் செய்கிறேன், டிசைனர்களுக்கு 3டி படம் போட்டுக்கொடுப்பது. உங்கள் டிசைனர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் படங்கள் ஒரு பழக்கத்தில் போடப்படுகின்றன. அதைத் தெரிந்துகொண்டால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துவிடலாம்.

முதலில் கேமரா. கிச்சன் முழுக்க ஒரே படத்தில் வர வேண்டும் என்று எதிர்ச்சுவரைத் தூக்கிவிட்டு, ஹாலுக்குள்ளிருந்து அகலமான லென்ஸில் பார்த்த மாதிரி எடுப்போம். அந்த இடத்தில் நின்று உங்கள் மாமியார் சமைக்கப் போவதில்லை. அவர் மேடை விளிம்பை ஒட்டி நின்று, குனிந்து கல்லைப் பார்ப்பார். பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லும் ஸ்டிரிப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அங்கிருந்துதான் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

இரண்டாவது, வெளிச்சம். படத்தில் எரிவது போலத் தெரியும் ஸ்டிரிப் பெரும்பாலும் ஒளிரும் பட்டையாக வரைந்தது மட்டும்தான். மேடைக்கு வெளிச்சம் கொடுப்பது கேமராவுக்குப் பின்னால் மறைத்து வைத்த இரண்டு மூன்று பெரிய விளக்குகள். உங்கள் வீட்டில் அவை இருக்காது. அது போக, மென்பொருள் தானாகவே ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்துவிடும். அதனால் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சமும் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சமும் படத்தில் கிட்டத்தட்ட ஒன்று போலவே வரும். நேரில் அந்தப் பச்சை லேமினேட் முதலாவதில் பாசிப்பயறு நிறத்துக்குப் போகும், இரண்டாவதில் நீலம் தட்டிய சாம்பலாகும்.

எனவே இன்னும் ஒரே ஒரு படம் கேளுங்கள். ராத்திரி நேரம், ஜன்னல் இருட்டு. மறைத்து வைத்த விளக்கு எதுவும் கூடாது. உங்கள் வீட்டு சீலிங் விளக்கும் ஸ்டிரிப்பும் மட்டும், வாங்கப் போகும் லுமன் அளவும் கெல்வினும் போட்டு. ஒயிட் பேலன்ஸ் தானாக மாறாமல் ஒரே எண்ணில் நிறுத்தி. கேமரா மாமியாரின் கண் உயரத்தில், மேடைக்கு முன்னால் அரை அடியில், கீழே பார்த்தபடி. மாடல் ஏற்கெனவே இருப்பதால் அவருக்கு இது அரை நாள் வேலைகூட ஆகாது.

ஒயரிங் அண்ணன் · 8 ஜூன் 2025, காலை 11:30

இதுக்கு 3டியே வேண்டாங்க. கல்லில் ஸ்டிரிப் தெரியும் என்பது உண்மைதான். நான் ஒயரிங் பண்ணின வீடுகளில் பார்த்திருக்கிறேன், பொட்டுப் பொட்டாக ஒரு வரிசை தெரியும். ஸ்டிரிப்பை முன்னால் ஒட்டாமல் பின்னால் சுவர் ஓரமாக ஒட்டினால் அந்தப் பிரச்சினை இருக்காது. டைல்ஸ் மேலும் வெளிச்சம் அழகாக விழும். அப்புறம் 6500தான் போடணும். மஞ்சள் லைட்டில் கீரையில் புழு தெரியாது, அரிசியில் கல் தெரியாது.

ரெண்டர்காரன் · 8 ஜூன் 2025, பகல் 1:50

பொட்டு வரிசை தெரியும் என்பது சரி அண்ணா. பின்னால் ஒட்டினால் போய்விடும் என்பது மட்டும் சரிவராது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மேடை உயரம் 34 அங்குலம் என்று வைப்போம். மேல் கேபினட் அதற்கு 24 அங்குலம் மேலே, அதாவது தரையிலிருந்து 58. மாமியார் உயரம் 61 அங்குலம் என்றால் கண் சுமார் 57-ல் இருக்கும், மேடைக்கு 23 அங்குலம் மேலே. ஆக, கண்ணும் ஸ்டிரிப்பும் கல்லுக்கு மேலே கிட்டத்தட்ட ஒரே உயரம். அப்படி இருந்தால் பிம்பம் இரண்டுக்கும் சரியாக நடுவில் விழும்.

அவர் கண் மேடை விளிம்புக்கு 4 அங்குலம் வெளியே இருக்கட்டும். மேடை ஆழம் 24, கேபினட் ஆழம் 12. ஸ்டிரிப்பைக் கேபினட்டின் முன் ஓரத்தில் ஒட்டினால் அது விளிம்பிலிருந்து 12 அங்குலம் உள்ளே. கண்ணிலிருந்து 16. அதில் பாதி 8. வெளியே இருக்கும் 4-ஐக் கழித்தால், விளிம்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே கல்லில் அந்த வரிசை தெரியும். பின்னால் சுவர் ஓரம் ஒட்டினால் விளிம்பிலிருந்து 23, கண்ணிலிருந்து 27, பாதி பதிமூன்றரை. அதிலும் 4-ஐக் கழித்தால், பிம்பம் விளிம்பிலிருந்து ஒன்பதரை அங்குலத்துக்கு நகர்கிறது, அவ்வளவுதான். காய் நறுக்கும் இடம் அந்த இரண்டுக்கும் நடுவில்தான். எங்கே ஒட்டினாலும் அவர் பார்க்கும் இடத்திலேயே வரும்.

பின்னால் ஒட்டுவதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. வெளிச்சத்தில் பெரும்பகுதி டைல்ஸுக்குப் போய்விடும். கை வேலை செய்யும் முன்பகுதிக்குக் குறைவாகவே வரும்.

6500 பற்றி அப்புறம் எழுதுகிறேன். அண்ணன் சொல்வதில் பாதி எனக்கும் ஒப்புதல்.

பீளமேட்டுக்காரி · 8 ஜூன் 2025, இரவு 8:10

அளந்துவிட்டேன். டிசைன் தாளில் மேடை 34, கேபினட் அடி 58, நீங்கள் போட்ட எண்களேதான். கிரானைட் கடையில் கொடுத்த ஒரு அடிச் சதுரத் துண்டு வீட்டில் இருக்கிறது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, வீட்டுக்காரர் செல்போன் டார்ச்சை 24 அங்குலம் மேலே பிடித்தார். மாமியார் நின்று பார்த்துவிட்டு, "இதென்னம்மா, கல்லுக்குள்ள சூரியன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிசைனருக்கு இரவுப் படம் கேட்டு மெசேஜ் போட்டாயிற்று.

ஒரு சந்தேகம். சூரியன் வேண்டாம் என்றால் கறுப்பையே விட்டுவிட வேண்டுமா? மாமியார் இப்போது வெள்ளை குவார்ட்ஸ் கேட்கிறார்.

கல்பட்டறை · 9 ஜூன் 2025, காலை 6:40

நான் கல் வெட்டிப் போடும் வேலை. பிளாக் கேலக்ஸி பற்றிச் சொல்கிறேன். அது ஆந்திராவில் பிரகாசம் மாவட்டம் சீமகுர்த்தியிலிருந்து வருகிற கல். உள்ளே தங்கப்பொடி தூவின மாதிரி மின்னும் புள்ளிக்குத்தான் மதிப்பு. யார்டில் வெயிலில் நிறுத்தி வைத்திருப்பார்கள், புள்ளியெல்லாம் பளிச்சென்று தெரியும். வீட்டுக்குள் அந்த மின்னல் வராது. ஒரு இடத்திலிருந்து கூர்மையாக வெளிச்சம் அடித்தால்தான் புள்ளி மின்னும். பால் கண்ணாடி மாதிரி மூடி போட்ட ஸ்டிரிப் வெளிச்சத்தில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். புள்ளிக்காக அதிகக் காசு கொடுக்கிறீர்கள் என்றால் இதை யோசியுங்கள்.

பிம்பம் வேண்டாம் என்றால் அதே கல்லில் லெதர் ஃபினிஷ் கேளுங்கள். மேற்பரப்பு லேசாக மேடு பள்ளமாக, மங்கலாக இருக்கும். வெளிச்சம் ஒரு இடத்தில் தெரியாமல் பரவிவிடும். விரல் ரேகையும் தெரியாது. ஆனால் துடைக்கிற துணி பாலிஷ் கல்லில் வழுக்குகிற மாதிரி வழுக்காது. மாவு கொட்டினால் பள்ளத்தில் நிற்கும். மேடையிலேயே மாவைப் போட்டுச் சப்பாத்தி தேய்க்கிறவர்கள் லெதர் கேட்டால் நானே வேண்டாம் என்பேன்.

வேறு விஷயம். புள்ளி இல்லாத தனிக் கறுப்புக் கல் வாங்குகிறவர்கள் வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் சாயம் ஏற்றின கல். இரண்டு வருடத்தில் சிங்க் பக்கம் வெளுத்துவிடும்.

ரெண்டர்காரன் · 9 ஜூன் 2025, காலை 9:20

கல்பட்டறை சொன்ன மின்னல் விஷயத்தைப் படத்திலும் பாருங்கள். உங்கள் படத்தில் புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்கிறது? பெரும்பாலான படங்களில் கல்லின் ஒரு சின்ன போட்டோவை எடுத்து மேடை முழுக்க இழுத்துவிடுவார்கள். நிஜத்தில் சில மில்லிமீட்டர் இருக்கும் புள்ளி, படத்தில் பக்கத்தில் இருக்கும் குழாய்க் கைப்பிடி அளவுக்கு ஊதியிருக்கும். அல்லது ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருப்பார்கள். கூர்ந்து பார்த்தால் ஒரே புள்ளிக் கூட்டம் அடுத்தடுத்து வரும். பிளாக் கேலக்ஸிக்கு இது பெரிய பாதகமில்லை. கோடு ஓடுகிற கல் என்றால் பெரிய பாதகம். படத்தில் கோடு மூலையில் அழகாகத் திரும்பி ஓடும். நேரில் எல் மூலையில் இரண்டு பலகை சேரும் இடத்தில் வெட்டுப்பட்டு நிற்கும்.

உங்கள் 10 அடிப் பக்கத்தில் இணைப்பு எங்கே வருகிறது என்றும் கேளுங்கள். படத்தில் இணைப்பு வரைந்து நான் பார்த்ததே இல்லை. நானாகவும் வரைவதில்லை, கேட்டால்தான் வரைவேன்.

குவார்ட்ஸ் பற்றி: வெள்ளைக் கல்லில் பிம்பம் இருக்கும், ஆனால் கண்ணுக்கு உறைக்காது. கல்லே பிரகாசமாக இருப்பதால் அதற்குள் விளக்கின் பிம்பம் அமுங்கிவிடும். இன்னொன்றும் நடக்கும். கறுப்புக் கல் விழுந்த வெளிச்சத்தை விழுங்குகிறது, வெள்ளைக் கல் திருப்பி மேலே அனுப்புகிறது. கறுப்புக்குப் போதாத ஸ்டிரிப் வெள்ளைக்குத் தாராளமாக இருக்கும். அதனால் கல்லை மாற்றினால் விளக்கையும் திரும்ப யோசிக்க வேண்டும். படத்தில் கல்லை மட்டும் மாற்றிவிட்டு, வெளிச்சம் அதிகமாகத் தெரிகிறதே என்று மென்பொருளில் எக்ஸ்போஷரைக் குறைத்துவிடுவார்கள். அப்போது இரண்டு படமும் ஒரே பிரகாசத்தில் இருக்கும், உங்களால் ஒப்பிட முடியாது. எக்ஸ்போஷரை மாற்றாமல் இரண்டு கல்லையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மெல்பர்ன் வாசி · 9 ஜூன் 2025, மாலை 4:00

குவார்ட்ஸ் என்றதால் சொல்கிறேன். இங்கே ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல் பலகைகளைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை. வெட்டும்போது கிளம்பும் சிலிக்கா தூளால் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்ததுதான் காரணம். எங்கள் வீட்டில் அதற்கு முன்பே போட்டது இருக்கிறது. கல்லாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒருமுறை தோசைக்கல்லை அடுப்பிலிருந்து எடுத்து நேராக மேடையில் வைத்ததில் வட்டமாகப் பழுப்புக் கறை. போகவில்லை.

கல்பட்டறை · 9 ஜூன் 2025, இரவு 9:15

மெல்பர்ன்காரர் சொன்னது எங்களுக்கு நேராக உறைக்கும். குவார்ட்ஸ் வெட்டும்போது வரும் தூள் மாவு மாதிரி நைசாக இருக்கும், காற்றிலேயே நிற்கும். எங்கள் பட்டறையில் தண்ணீர் ஊற்றித்தான் வெட்டுகிறோம். வீட்டில் பொருத்துகிற இடத்தில் சிங்க் ஓட்டையை உலர் பிளேடில் வெட்டச் சொல்கிற காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படிச் செய்தால் நிறுத்துங்கள். வேலை செய்கிற பையனுக்கும் நல்லது, உங்கள் வீட்டுக்கும் நல்லது. கிரானைட்டிலும் தூள் உண்டு, அதையும் ஈரத்தில்தான் வெட்டணும்.

தோசைக்கல் கறைக்குக் காரணம், குவார்ட்ஸில் கல்தூளைப் பிடித்து வைத்திருப்பது பிசின். பிசின் சூடு தாங்காது. கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

திருநகர் வீடு · 9 ஜூன் 2025, இரவு 9:50

அதான் முதலிலேயே சொன்னேன், கறுப்பு கிரானைட்.

ரெண்டர்காரன் · 10 ஜூன் 2025, காலை 7:30

விட்டுப்போன வெளிச்ச நிறத்துக்கு வருகிறேன். ஒயரிங் அண்ணன் சொன்ன கீரை, அரிசி விஷயம் உண்மையான கவலை. ஆனால் புழு தெரிவதும் தெரியாததும் கெல்வினைப் பொறுத்தது மட்டுமில்லை. விளக்கு நிறத்தை எவ்வளவு நிஜமாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு எண் பெட்டியில் போட்டிருக்கும். அது 80 என்றால் 6500 கெல்வினிலும் நிறம் செத்துப்போய்த் தெரியும். தக்காளி எது பழுத்தது, எது அரைப்பழம் என்று வித்தியாசம் குறையும். 90-க்கு மேல் வாங்கினால் 4000 கெல்வினிலேயே கீரையும் தெரியும், கல்லும் தெரியும். உங்கள் பச்சை லேமினேட்டும் ரொம்ப நீலம் பாயாமல் இருக்கும். என் விருப்பம் அது.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது அதைவிட முக்கியம். பல வீடுகளில் சீலிங் நடுவில் ஒரு விளக்கு இருக்கும். மேடையில் நின்றால் அது நமக்குப் பின்னால். நம் தலை நிழலே காய்கறி மேல் விழும். 3டி படத்தில் ஆள் நிற்பதில்லை, அதனால் அந்த நிழல் வருவதே இல்லை. இரவுப் படத்தில் ஒரு மனித உருவத்தை நிற்க வைக்கச் சொல்லுங்கள். அப்போது ஸ்டிரிப் எதற்கு என்று வீட்டுக்காரருக்கும் புரியும்.

அந்தப் பச்சை லேமினேட்டைப் படத்தை வைத்தோ, தீப்பெட்டி அளவு கேட்டலாக் துண்டை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். ஒரு அடித் துண்டாவது வாங்கி, ஷட்டர் நிற்கிற மாதிரி நெட்டுக்குத்தாக, மேடைக்குக் கீழே வரும் உயரத்தில் நிறுத்துங்கள். படுக்க வைத்துப் பார்த்தால் மேலே இருக்கும் விளக்கு நேராக அடித்து ஒரு சாயல் வெளுப்பாகத் தெரியும். கீழ் ஷட்டருக்கு ஸ்டிரிப் வெளிச்சம் போகவே போகாது, மேடை மறைத்துவிடும். அதனால் அது எப்போதும் மேல் ஷட்டரைவிட இருண்டுதான் தெரியும். கறுப்புக் கல்லுக்குக் கீழே அந்தப் பச்சை இரவில் கரும்பச்சையாகிவிடும் என்று நினைக்கிறேன். ஒரு சாயல் வெளிறியதை எடுங்கள் என்பேன், ஆனால் துண்டைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒயரிங் அண்ணன் · 10 ஜூன் 2025, காலை 10:45

4000 பரவாயில்லை, ஒத்துக்கறேன். பொட்டு வரிசைக்கு இப்போது சிஓபி ஸ்டிரிப் வந்திருக்கிறது, எல்இடி நெருக்கமாக இருப்பதால் தனித்தனிப் பொட்டு தெரியாது. அலுமினியப் புரொஃபைலுக்குள் போட்டு மூடி போட்டுவிடுங்கள். வெறும் ஸ்டிரிப்பைக் கேபினட் பலகையில் ஒட்டினால் சூட்டில் பசை விட்டுத் தொங்கும், எண்ணெய்ப் பிசுக்கும் ஏறும். 10 அடி ஓட்டத்துக்கு 12 வோல்ட் ஸ்டிரிப்பை ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் கடைசியில் மங்கும். 24 வோல்ட் கேளுங்கள்.

அப்புறம் பிம்பம் போக மேல் கேபினட்டுக்கு முன்னால் ஒன்றரை அங்குலப் பட்டை இறக்கிவிட்டால் ஸ்டிரிப் மறைந்துவிடுமே?

ரெண்டர்காரன் · 10 ஜூன் 2025, பகல் 12:10

பட்டை ஒரு பிரச்சினையைத் தீர்க்கும், மற்றதைத் தீர்க்காது அண்ணா. ஹாலில் உட்கார்ந்திருப்பவர் கண் தரையிலிருந்து சுமார் 46 அங்குலம். கேபினட் அடி 58. அவர் கீழிருந்து மேலே பார்ப்பதால் விளக்கு நேராகக் கண்ணில் படும். ஒன்றரை அங்குலப் பட்டை இறக்கி, ஸ்டிரிப்பை அதற்குப் பின்னால் ஒரு அங்குலம் தள்ளி ஒட்டினால், 8 அடியில் உட்கார்ந்தாலும் 3 அடியில் உட்கார்ந்தாலும் விளக்கு தெரியாது. பட்டையோடு ஒட்டியே வைத்துவிட்டால் மேடையின் முன் விளிம்பு இருட்டாகிவிடும், அதனால்தான் அந்த ஒரு அங்குலம்.

நின்று சமைப்பவர் பார்ப்பது வேறு. அவர் பார்ப்பது கல்லுக்குள் இருக்கும் பிம்பத்தை, அதாவது ஸ்டிரிப்பைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதற்குச் சமம். அந்தக் கோணத்தில் பட்டை குறுக்கே வராது. சிஓபியும் மூடியும் போட்டால் பொட்டு வரிசை ஒரு வெள்ளைக் கோடாக மாறும், உறைப்பு குறையும். கோடு போகாது. அது போக வேண்டுமென்றால் கல்லின் மேற்பரப்பைத்தான் மாற்ற வேண்டும்.

பீளமேட்டுக்காரி · 13 ஜூன் 2025, இரவு 9:30

இரவுப் படம் வந்துவிட்டது. டிசைனர் முதலில் "இப்படி யாரும் கேட்டதில்லை மேடம்" என்றார், ஆனால் இரண்டு நாளில் கொடுத்தார். மாமியார் கண் உயரத்தில் பார்த்தால் மேடை முழுக்க ஒரு வெள்ளைக் கோடு, ரெண்டர்காரன் சொன்ன 4 அங்குலத்துக்குச் சற்றுத் தள்ளி. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. மேல் ஷட்டர் அக்ரிலிக்கில் எதிர்வீட்டு டியூப்லைட் தெரிகிறது, ஏனென்றால் அவர் நேர்மையாக ஜன்னலுக்கு வெளியே ஒரு விளக்கும் போட்டிருந்தார்.

கல்தான் இன்னும் முடிவாகவில்லை. மாமியார் சப்பாத்தியை மேடையில்தான் தேய்க்கிறார், எனவே லெதர் ஃபினிஷ் அவருக்குப் பிடிக்கவில்லை. குவார்ட்ஸில் மஞ்சள் கறையும் தோசைக்கல்லும் எனக்குப் பயம். பாலிஷ் போட்ட வெளிர் நிற கிரானைட் பார்க்கலாமா?

கல்பட்டறை · 14 ஜூன் 2025, காலை 6:20

பார்க்கலாம். மதுரைப் பக்கத்திலிருந்து வருகிற காஷ்மீர் ஒயிட் இருக்கிறது, சாம்பல் வெள்ளையில் சிவப்புப் புள்ளி. ஆனால் வெளிர் கிரானைட் எண்ணெயும் தண்ணீரும் குடிக்கும். சீலர் அடித்தே தீரணும், அப்புறமும் வருடா வருடம் பார்க்கணும். வாங்கும் முன் துண்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். கறுத்த வட்டம் விழுந்தால் அந்தப் பலகை வேண்டாம், வேறு காட்டச் சொல்லுங்கள்.

திருநகர் வீடு · 14 ஜூன் 2025, காலை 8:00

சப்பாத்திக்கு அடுப்பிலிருந்து தள்ளி மூன்றடி மட்டும் பாலிஷ் கல் போட்டு, மீதிக்கு லெதர் போடக்கூடாதா? என் தங்கை வீட்டில் அப்படித்தான், இரண்டும் ஒரே கல்.

ரெண்டர்காரன் · 14 ஜூன் 2025, காலை 9:45

திருநகர் அம்மா சொன்னது நல்ல யோசனை. எல்லின் 7 அடிப் பக்கத்துக்கு மேலே கேபினட் இருக்கிறதா, வெறும் சுவரா? வெறும் சுவர் என்றால் அங்கே ஸ்டிரிப்பே கிடையாது, பாலிஷ் கல்லில் கோடும் வராது. சப்பாத்தி அங்கே தேய்க்கலாம். மூலை இணைப்பில்தான் பாலிஷும் லெதரும் பிரியும். எப்படியும் அங்கே ஒரு இணைப்பு வரத்தான் போகிறது. ஒரே பிளாக்கிலிருந்து வெட்டிய பலகைகளாக இருந்தால் நிறம் ஒத்துப்போகும், ஆனாலும் லெதர் கொஞ்சம் வெளிறித் தெரியும். இதைப் படத்தில் காட்டுவது கஷ்டம். கல்பட்டறை போன்ற ஒருவரிடம் இரண்டு துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

மேல் ஷட்டருக்கு அதே ஆஃப் ஒயிட்டில் மேட் லேமினேட் கேளுங்கள். எதிர்வீட்டு டியூப்லைட் போய்விடும்.

பீளமேட்டுக்காரி · 14 ஜூன் 2025, இரவு 7:15

7 அடிப் பக்கம் வெறும் சுவர்தான்! ஜன்னலும் அங்கேதான். மேல் ஷட்டர் மேட் என்று வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டார். நாளை பட்டறைக்குப் போய் இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம், மாமியாரும் வருகிறார். பணம் இன்னும் கொடுக்கவில்லை.

ஒயரிங் அண்ணா, ஸ்டிரிப்புக்கான டிரைவரை எங்கே வைப்பது? டிசைனர் சிம்னி பெட்டிக்குள் என்கிறார்.

ஒயரிங் அண்ணன் · 14 ஜூன் 2025, இரவு 8:05

சிம்னி பக்கம் வேண்டாம், சூட்டில் டிரைவர் சீக்கிரம் போகும். சிங்க் பக்கத்து மேல் கேபினட்டின் மேல்தளத்தில் வையுங்கள், ஸ்டூல் போட்டால் கை எட்டணும். மூடி ஒட்டிவிடாமல் ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள்.

மெல்பர்ன் வாசி · 14 ஜூன் 2025, இரவு 11:40

இரண்டு துண்டையும் பார்த்துவிட்டு போட்டோ போடுங்கள். போட்டோ எடுக்கும்போது செல்போனில் நைட் மோடை அணைத்துவிடுங்கள், அதுவும் வெளிச்சத்தைத் தானாகத் திருத்தும்.